அண்ணன் ரேட்டு

செங்கேணிக்கு எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. ஊருக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று. பாலுக்கும் அப்படித்தான், வைக்கோலுக்கும் அப்படித்தான், கொல்லையில் காய்க்கிற முருங்கைக்கும் அப்படித்தான். உறவுக்கான விலை எப்போதும் கொஞ்சம் குறைவு. அது இல்லாவிட்டால் மனிதர்கள் எந்த முகத்தோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள் என்பது அவளுக்கு வெகுநாள்வரை விளங்காத சங்கதி.

அவள் பெற்ற மகளிடமோ ஒரே விலைதான் இருந்தது.

மகள் பெயர் இளமதி. காஞ்சிபுரத்தில் ஒரு பேக்கரியில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். தட்டு கழுவப் போனவள், கேக்குக்கு க்ரீம் பூசி பூ வைக்கிற ஆளாக வெளியே வந்தாள். வந்த கையோடு மானாம்பதியில் வீட்டு முன்னறையைக் காலி செய்து ஓவன், பெரிய ஃபிரிட்ஜ், சுழலும் தட்டு என்று நிரப்பினாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டினாள். அந்த இடத்தில் அதுவரை தொங்கிய செங்கேணியின் மாமனார் படம் உள்ளறைக்குப் போனது. அவள் அப்பா புருஷோத்தமன் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பொதுவாகவே எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. பணம்தான் நிற்கவில்லை. காரணம் செங்கேணி.

இளமதியின் கை க்ரீமில் இருக்கும்போது போன் அடித்தால் செங்கேணி எடுப்பாள். எடுத்ததும் முதல் கேள்வி, "நீங்க எந்த வூடு?" மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டால் நான்காவது கேள்விக்குள் ஓர் உறவு வந்துவிடும். ஓரகத்தியின் தம்பி பெண்டாட்டி ஊர், பெரியப்பா மகனுக்குப் பெண் எடுத்த வீடு, ஏதோ ஒன்று. உறவு வந்ததும் கிலோவுக்கு நூறு ரூபாய் போய்விடும். வந்தது நெருங்கிய உறவு என்றால் இருநூறு. செங்கேணி விசாரித்து முடிப்பதற்குள் கேக்கில் லாபம் என்று ஒன்று மிச்சமிருக்காது.

இளமதியும் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்தவள்தான். கூடப் படித்த சோபியா உத்திரமேரூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். சிநேகிதி ஆயிற்றே என்று அவளுக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தாள். சோபியா நல்ல மனசோடு கேக்கையும் விலையையும் கிளினிக் முழுக்கப் புகழ்ந்தாள். அடுத்த மாதம் அங்கிருந்து வந்த நான்கு ஆர்டரும் சோபியாவுக்குக் கொடுத்த விலைக்கே கேட்டு வந்தன. முழு விலையைச் சொன்னதும், "அவளுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?" என்று முகம் சுளித்தார்கள். அன்றோடு இளமதி அந்தக் கதவை மூடினாள். சோபியாவும் இப்போது முழு விலைதான் கொடுக்கிறாள். சிநேகிதம் ஒன்றும் முறிந்துவிடவில்லை. போன தடவை கேக் கொஞ்சம் காய்ந்திருந்தது என்று உரிமையோடு சண்டை வேறு போட்டாள்.

இதையெல்லாம் சொன்னபோது செங்கேணி, "அவ சிநேகிதக்காரி. சொந்தம் வேற," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் வேதகிரி போன் செய்தார். செங்கேணியின் ஒரே அண்ணன். உத்திரமேரூரை ஒட்டிய ஊரில், அப்பன் ஆத்தாள் இருந்த அதே வீட்டில் இருக்கிறார். அவர்களின் கடைசித் தங்கை ஆதிலட்சுமியைத் தாமலில் கொடுத்திருக்கிறது. அவள் மகள் கீர்த்திக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் வேதகிரியுடையது. இப்போதெல்லாம் சீர்த் தட்டுகளோடு ஒரு கேக்கும் போகிறது. புடவை, வளையல், பழம், ஸ்வீட், சாக்லேட், அதற்கெல்லாம் நடுவில் இரண்டு அடுக்காக ஒரு கேக். அது இல்லாவிட்டால் வீடியோக்காரரே கேட்பார்.

மத்தியானம் இளமதி வேகவைத்த கேக்கை ஆறவைத்துக்கொண்டிருந்தபோது செங்கேணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாமா போன் பண்ணாரு. கீர்த்திக்கு சீர் வெக்க கேக்கு வோணுமாம். ரெண்டு அடுக்கு."

"எத்தினி கிலோ?"

"கிலோ எல்லாம் கேக்கல. பெருசா இருக்கணும்னாரு."

"ரெண்டு அடுக்குன்னா நாலு கிலோவாவது போடணும். சாதா கேக்கு கிலோ எழுநூத்தம்பது, அடுக்கு கேக்குன்னா தொள்ளாயிரம். மூவாயிரத்து அறுநூறு ஆவும். பாதி அட்வான்ஸ் வாங்கிக்கோ."

செங்கேணி மகளைப் பார்த்தாள். "எங்க அண்ணங்கிட்டயா?"

"கேக்கு யாருக்கோ அவங்ககிட்ட."

"அசல மட்டும் வாங்கிக்கோடி. லாபம் வாணாம்."

"சரி. அசல் எவ்ளோன்னு நீயே சொல்லு."

செங்கேணி விரலை மடக்கினாள். மைதா, சர்க்கரை, எண்ணெய், க்ரீம். முட்டை நம் கோழி போட்டது, அதைச் சேர்க்க வேண்டாம். "எண்ணூறு. சரி போ, தொள்ளாயிரம்."

இளமதி கை கழுவினாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு முட்டை.

"இத நான் எடுக்கலன்னா நீ இன்னா பண்ணுவ?"

"கடைக்குக் குடுப்பேன்."

"துட்டு குடுப்பானா மாட்டானா?"

"குடுப்பான்."

"அப்போ இது சும்மா வந்தது இல்ல. உன் துட்டு."

அடுத்து ஃபிரிட்ஜிலிருந்து க்ரீம் பாக்கெட். காஞ்சிபுரத்திலிருந்து உறைந்த நிலையில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது. "இது ஒரு லிட்டரு. மாமா கேக்குக்கு ஒண்ணேகால் லிட்டர் வோணும். அந்தக் கால் லிட்டருக்கோசரம் ரெண்டாவது பாக்கெட்ட உருக்கணும். உருகினத மறுபடியும் ஐஸ் ஆக்குனா, அடிக்கும்போது நிக்காது, தண்ணி வுட்டுடும். ரெண்டு நாள்ல வேற ஆர்டர் வரலன்னா மீதிய ஊத்த வேண்டியதுதான்."

"மோர்ல கலந்துக்கலாம்."

"கலந்து நீயே குடி."

அதற்கு அடுத்தது ஒரு கட்டு தடித்த உறிஞ்சுகுழல். இது எதற்கு என்று செங்கேணிக்குத் தெரியவில்லை. மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் உட்காருவதில்லையாம். உட்கார்ந்தால் கீழே இருப்பது அமுங்கிப் பிதுங்கிவிடும். அதனால் குழலைக் கீழ் அடுக்கின் உயரத்துக்கு அளந்து வெட்டி உள்ளே நட வேண்டும். மேல் அடுக்கு ஓர் அட்டையோடு அந்தக் குழல்களின் மேல் நிற்கும். கீழே தடித்த பலகை அட்டை தனி. இரண்டடி உயரத்துக்குப் பெட்டி தனி. மேலே செருகுகிற பெயர்ப் பலகை செங்கல்பட்டில் வெட்டி வர வேண்டும். எல்லாவற்றையும் வைத்து முடித்தபோது மேஜையில் இடம் இல்லை.

"பொருளே ஆயிரத்து தொள்ளாயிரம் ஆவுது," என்றாள் இளமதி. "கரெண்டு சேக்கல. என் கூலி சேக்கல. மொத நாள் வேவவெச்சி ஆறவெச்சி சுத்தி வெக்கணும். மறுநாள் வெட்டி, சர்க்கரைத் தண்ணி வுட்டு, க்ரீம மெல்லிசா ஒரு வாட்டி பூசி ஃபிரிட்ஜ்ல வெக்கணும். அது எறுகுனப்புறம் மேல ஒரு வாட்டி. அந்த ரெண்டு நாளும் ஃபிரிட்ஜ்ல வேற ஒண்ணும் வெக்க முடியாது. அதே முகூர்த்தத்துக்கு வேடபாளையத்துல ஒருத்தங்க கல்யாண நாள் கேக்கு கேட்டாங்க. மாமா கேக்கு உள்ள போச்சின்னா அது இல்லன்னு சொல்லணும்."

"இத்தினிக்கும் கணக்கு சொல்றியே, நீ பொறந்தப்ப மாமா தொட்டில் வாங்கிக்கினு வந்தாரு. பில்லு போட்டாரா?"

"அது அவரா குடுத்தது. இது அவரா கேக்கறது."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா, சீர் எடுத்துக்கினு போற வேன்காரருக்குப் பாதி வாடகைதான் குடுக்கப் போறாரா? பொடவைக் கடையில?"

"வேன்காரன் நமக்கு சொந்தமா?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். சொந்தம் இல்லாத எல்லாருக்கும் முழுத் துட்டும் போவுது. சொந்தமா கீற ஒருத்திக்குதான் பாதி."

பதில் இல்லாதபோது சொல்வதற்கென்று செங்கேணி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "உங்க அப்பன மாதிரியே எதுத்து எதுத்துப் பேசாத." புருஷோத்தமன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இளமதி பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள். "காஞ்சிபுரம் கடைக்காரர் திரும்பக் கூப்புடறாரு. இப்போ சூப்பர்வைசரா. இந்த மாசமும் கைல ஒண்ணும் நிக்கலன்னா நான் போயிடப் போறேன்மா," என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் செங்கேணிக்குப் பயம் வந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. அப்பன் ஆத்தாள் போனபிறகு பிறந்த வீடு என்பது அண்ணன் வீடு. அங்கே போனால் செங்கேணி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், யாரையும் கேட்காமல் சட்டி மூடியைத் திறந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்ப்பாள். உலகத்தில் அவள் அப்படிச் செய்யக்கூடிய வீடு அது ஒன்றுதான். சொந்த வீட்டில்கூட முடியாது, ஏனென்றால் இங்கே குழம்பு வைத்தவளே அவள்தான். அண்ணியார் பரிமளா நல்ல மாதிரி. இருந்தாலும் அடுத்த வீட்டுப் பெண்தானே. "உங்க தங்கச்சி வூட்ல முழு வெல வாங்கினாங்க" என்று அவள் ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தச் சட்டி மூடி அதற்குப்பிறகு கனத்துப்போகும். இதை மகளிடம் எப்படிச் சொல்வது? மகளுக்கு இன்னும் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு ஏற்படவில்லை.

இரண்டு நாள் யோசித்து செங்கேணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்து, "கேக்கு ஆயிரத்து எட்நூறுண்ணா," என்றாள். வேதகிரி, "அம்மாந்தானா, பரவால்லியே," என்று அடுத்த நாளே பணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். செங்கேணி பால் சொசைட்டிப் பணத்திலிருந்து இன்னொரு ஆயிரத்து எண்ணூறை எடுத்து அதோடு சேர்த்தாள். "இந்தா, உங்க மாமா மொத்தமா குடுத்துட்டாரு," என்று மகளிடம் நீட்டினாள்.

இளமதி எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லுவாரு? வெலதானே."

மகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைச் செங்கேணி பார்த்து நாளாகியிருந்தது. மகளுக்கு முழு விலை. அண்ணனுக்குப் பாதி விலை. நடுவில் நாலு வாரப் பால் காசு போனது. எருமை திரும்பவும் கறக்கத்தான் போகிறது.

விழாவன்று ஐம்பத்தொரு தட்டோடு வேன் கிளம்பியது. கேக்குப் பெட்டியை இளமதி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரைப் பெயர் சொல்லி எச்சரித்தாள். தாமல் ஏரிக்கரை தாண்டி மண்டபத்தில் இறங்கியபோது இரண்டு அடுக்கும் போட்டபடி நின்றன. மேளத்தோடு சீர் உள்ளே போனது. வேதகிரி புது வேட்டியில் மாலையோடு முன்னால் நடந்தார். கீர்த்தி கேக்கைப் பார்த்துவிட்டு மற்ற ஐம்பது தட்டையும் பார்க்கவில்லை.

தட்டுகளை மேடையில் பரப்பியதும் வழக்கம்போல மதிப்புப் போடுகிறவர்கள் வந்தார்கள். தாய்மாமன் என்ன செய்தான் என்பதைச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரிந்துகொள்ளாவிட்டால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வேலைக்குத் தலைமை ஆதிலட்சுமியின் நாத்தனார் சொக்கம்மாள். புடவையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக் கொலுசைக் கையில் தூக்கிப் பார்த்தாள். கேக்கிடம் வந்ததும் நின்றாள்.

"இது எத்தினி ரூவா?"

"மூவாயிரத்து அறுநூறு," என்றாள் பக்கத்தில் நின்ற செங்கேணி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் பெருமை, மகள் பெருமை இரண்டும் ஒன்றாக நெஞ்சில் ஏறி நின்ற நேரம் அது. "என் பொண்ணு செஞ்சதுதான். அண்ணனாச்சே, பாதிதான் வாங்குனோம்."

சொக்கம்மாள் தலையை ஆட்டினாள். நிதானமாக யோசித்தாள். "அப்போ கீழ் அடுக்குதான் தாய்மாமன் சீரு. மேல் அடுக்கு பெரியம்மா சீரு," என்றாள்.

கெட்ட எண்ணத்தோடு சொன்னாள் என்று சொல்ல முடியாது. கணக்கைச் சரியாகப் போட்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கு பந்தி போடுவதற்குள் மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. போட்டோவுக்கு நிற்கும்போது ஆதிலட்சுமியின் புருஷன் வீட்டு முறையில் ஒருவர் வேதகிரியிடம், "மச்சான், நீ கீழ் அடுக்கு பக்கமா நில்லு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேதகிரிக்கு என்ன என்றே புரியவில்லை. யாரோ புரியவைத்தார்கள். அதற்குப்பிறகு எடுத்த படங்களில் எல்லாம் அவர் ஆல்பத்துக்கு முகத்தைக் கடன் கொடுத்தவர் மாதிரி நின்றார். திரும்பி வரும்போது வேனில் செங்கேணி பக்கம் அவர் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அவர் பைக் வாசலில் வந்து நின்றது. செங்கேணி வெளியே வருவதற்குள் முன்னறைக்குள் போய்விட்டார்.

"இளமதி, அந்தக் கேக்குல நான் இன்னும் எவ்ளோ தரணும்?"

"ஒண்ணும் தர வாணாம் மாமா. அதான் மூவாயிரத்து அறுநூறும் குடுத்தீங்களே."

"நான் குடுத்தது ஆயிரத்து எட்நூறு. வெலையே அவ்ளோதான்னு உங்கம்மா சொன்னா."

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷோத்தமன் அதை மடித்து வைத்துவிட்டுக் கழனிக்குக் கிளம்பினார். கழனியில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை.

"மீதிய நீ போட்டியா?" என்று வேதகிரி தங்கையைக் கேட்டார்.

"ஆமாண்ணா."

"இன்னாத்துக்கு?"

"உனக்கு செலவு ஜாஸ்தியா கீதேன்னு."

"எனக்கு முடியலன்னு உங்கிட்ட சொன்னனா? கேக்குக்குன்னு நாலாயிரம் தனியா எடுத்து வெச்சிருந்தேன். நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அம்பத்தொரு தட்டு எடுத்துக்கினு போனேன் செங்கேணி. தாமல்ல ஒருத்தனுக்கும் அம்பது தட்டு ஞாபகம் இல்ல. அந்த ஒரு தட்டுல பாதிதான் ஞாபகம் கீது."

சட்டைப் பையிலிருந்து ஆயிரத்து எண்ணூறை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காப்பி போடறேன் இரு."

"வாணாம்."

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போண்ணா."

"வாணாம்."

பைக் சத்தம் தெருமுனை தாண்டியும் செங்கேணி சொம்பைப் பிடித்தபடியே நின்றாள். எந்தக் கதவு மூடிவிடக்கூடாது என்று பால் காசைக் கொட்டினாளோ அந்தக் கதவை அவள் கையாலேயே மூடியிருக்கிறாள். யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இளமதி அந்தப் பணத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "இது உன் பால் காசு."

"நீயே வெச்சிக்கோ."

"ஒரு கேக்குக்கு ரெண்டு வாட்டி துட்டு வாங்கறதில்ல."

"நான் இன்னா தப்புடி பண்ணேன்? உனக்கு வெல வந்துச்சா இல்லியா? அவருக்குக் கொறஞ்சிச்சா இல்லியா?"

"மண்டபத்துல வாய் தொறக்காம இருந்திருந்தா தப்பில்லன்னு சொல்றியா?"

செங்கேணி அதைத்தான் சொல்ல வந்தாள்.

"நம்ம சொந்தத்துல ஒருத்தர் ஒரு வார்த்த பேசாம முழு துட்டு குடுத்தாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா," என்றாள் இளமதி. "இனிமே எல்லாரும் குடுப்பாங்கன்னு நெனச்சேன். காஞ்சிபுரம் கடைக்காரருக்கு வரலன்னு சொல்லிட்டேன். கடைசீல பாத்தா அது நீ."

"நானும் சொந்தந்தானே," என்றாள் செங்கேணி. "நான் முழுசா குடுத்தேன் இல்ல?"

இளமதிக்குக் கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள். பிறகு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுக்கணும்னு ஆசையா இருந்தா முழுசா குடும்மா. நீயே ஒரு கேக்கு வாங்கி, உன் பேர்ல, பெரியம்மான்னு தனித் தட்டுல வெச்சி எடுத்துக்கினு போ. யார் வாணாம்னா? மாமா வெக்கறது மாமாவோட துட்டுல இருக்கணும். அவரு சீருக்குள்ள உன் கைய வெச்சிட்ட. கொறச்சிக் குடுத்தா நாம நல்லவங்க ஆயிடறோம். வாங்கினவரு இன்னா ஆவறாருன்னு யோசிக்கிறதே இல்ல."

"அவரு இனிமே வருவாராடி?"

"தெரில."

பொய்யாகவாவது வருவார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் அதிலும் தள்ளுபடி கிடையாது.

அதற்குப்பிறகு செங்கேணி போன் எடுத்தால் எந்த வீடு என்று கேட்பதை நிறுத்தினாள். முதல் தடவை முழு விலையைச் சொல்லிவிட்டுப் பேரத்துக்குக் காத்திருந்தாள். எதிர்முனையில் இருந்தவர் திருப்புலிவனத்துக்காரர், தூரத்துப் பங்காளி. "சரிங்க, அனுப்பிடறேன்," என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. செங்கேணிக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் யாருமே கேட்காமல் தானேதான் குறைத்துக்கொண்டிருந்தோமோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அந்த மாதம் இளமதி கையில் பணம் நின்றது.

தீபாவளி வந்தது. வருடா வருடம் அண்ணன் வீட்டிலிருந்து வருகிற புடவையும் வந்தது. ஆனால் கொண்டுவந்தது பரிமளாவின் தம்பி. "மாமாவுக்கு வேல," என்றான். செங்கேணி அந்தப் புடவையைக் கட்டவில்லை. பண்டிகையன்று பழைய புடவையோடு வடை சுட்டாள்.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து, இளமதி ஒரு கேக்கின் ஓரத்துக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செங்கேணி எடுத்தாள். திரையில் பெயரைப் பார்த்ததும் காதில் வைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"இளமதி கீதா?" என்றார் வேதகிரி.

"கை வேலையா கீது. சொல்லுண்ணா."

"மாடில ரெண்டு ரூம்பு போட்டிருக்குது. வர்ற முகூர்த்தத்துல பால் காச்சறோம். ரெண்டு கிலோ கேக்கு வோணும். இன்னா வெல?"

செங்கேணி மகளைப் பார்த்தாள். இளமதி க்ரீம் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஜாடைகூடக் காட்டவில்லை. அம்மா என்ன சொன்னாலும் அது அம்மா சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆயிரத்து ஐந்நூறு," என்றாள் செங்கேணி.

"பேர் எழுதறதுக்குத் தனியா?"

"இல்ல. அதுலியே வந்துடும்."

"கொறையாதா?"

"கொறையாதுண்ணா."

"எனக்குக் கூடவா?"

"உனக்குத்தாண்ணா கொறையவே கொறையாது."

வேதகிரி தொண்டையைச் செருமினார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "கொள்ளக்காரி," என்றார். "உங்க அண்ணிகிட்ட சொல்றேன், போன்லயே அனுப்பிடுவா. சாமானெல்லாம் மேல ஏத்தணும், அவ ஒருத்தியால முடியாது. நீ மொத நாளே வந்துடு. பால் பொங்கறப்ப நீ பக்கத்துல நிக்கணும்."

"வர்றேண்ணா."

"கேக்கு எடுத்துக்கினு பஸ்ல வராத. ஆட்டோ புடி. ஆட்டோவுக்கு நான் குடுத்துடறேன்."

"முழுசா குடுப்பியா?"

"மூடிக்கினு வா," என்று வேதகிரி போனை வைத்தார்.

செங்கேணி போனை மேஜைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ரெண்டு கிலோ. ஆயிரத்து ஐந்நூறு. அண்ணி அனுப்பிடுவாங்க," என்றாள்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன்," என்றாள் இளமதி.

"ரெண்டு நாளைக்கு எருமைய உங்கப்பன பாத்துக்கச் சொல்லு. போன நீயே எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே கிடந்த தீபாவளிப் புடவையை எடுத்து, அதற்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கக் கிளம்பினாள்.